செவ்வன் வளையியின் கீழ் ஒரு துண்டுப் பரப்பு: தொகையீட்டுச் சூத்திரம் ஏன் கிடைப்பதில்லை, பிறகு எப்படிக் கணிப்பது

திருக்கோணமலைச் சந்தைக்குக் கருவாடு பொதி செய்து அனுப்பும் ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். பொதியில் 500 கிராம் என்று அச்சிட்டிருக்கிறது. நிறுத்துப் பார்த்தால் பொதிகளின் நிறை செவ்வன் பரம்பலில் அமைகிறது, இடை 504 கிராம், நியம விலகல் 6 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கையில் எடுத்த ஒரு பொதி 498 கிராமுக்கும் 513 கிராமுக்கும் இடையில் இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? இந்த ஒரு கணக்கையே கடைசி வரைக்கும் கொண்டுபோகப் போகிறோம்.

நிகழ்தகவு என்பது அடர்த்தி வளையியின் கீழுள்ள பரப்பு. பரப்பு என்றால் தொகையீடு. தொகையீடு என்றதும் பள்ளிக்கூடத்தில் பழகிய கை என்ன செய்யும்? வகையிட்டால் இந்தச் சார்பைத் தரும் இன்னொரு சார்பைத் தேடும். அதாவது எதிர் வகையீட்டைக் கண்டுபிடித்து, மேல் எல்லையைப் போட்டு, கீழ் எல்லையைப் போட்டுக் கழிக்கப் பார்க்கும். கோணேசபுரி வளாகத்தில் முதலாம் ஆண்டுக்கு வருகிறவரும் அப்படித்தான் தொடங்குவார். அங்கேதான் கணக்கு நிற்கிறது. ஏன் நிற்கிறது என்பதைச் சரியாகப் பார்த்தால், அடுத்து எந்த வழியால் போகவேண்டும் என்பதும் அதே இடத்தில் தெரிந்துவிடும்.

முதலில் நியமப்படுத்துங்கள்

நிறை x ஐ z = (x − 504)/6 என்று மாற்றுங்கள். 498 ஆனது z = −1 ஆகிறது, 513 ஆனது z = 1.5 ஆகிறது. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்:

```
P = (1/√(2π)) · ∫ e^(−z²/2) dz,   z = −1 முதல் 1.5 வரை
```

இதைச் செய்யாமல் x இலேயே தொடங்கினால் 6 உம் 504 உம் ஒவ்வொரு வரியிலும் கூடவே வரும். எங்கேயாவது ஒரு 6 தவறிப்போகும். இங்கே dx = 6 dz என்பதால் முன்னால் நிற்கும் 1/6 வெட்டுப்பட்டுப் போகிறது. 1/√(2π) = 0.3989423 என்ற மாறிலி மட்டும் மிஞ்சும்.

பழகிய வழிகளை முயன்று பாருங்கள்

பிரதியீட்டை முயல்வோம். u = −z²/2 என்று வைத்தால் du = −z dz. ஆனால் தொகையீட்டுக்குள் அந்த z இல்லை. அது இருந்திருந்தால், அதாவது ∫ z e^(−z²/2) dz என்று கேட்டிருந்தால், விடை −e^(−z²/2) என்று ஒரே வரியில் முடிந்திருக்கும். இல்லாத z ஐ வெளியிலிருந்து பெருக்கிக் கொண்டுவர முடியாது. அது மாறிலி இல்லை. புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை இதுதான்: e^(−z²/2) ஐ −z ஆல் வகுத்து எழுதிவிட்டு அதுதான் விடை என்பது. எழுதியதைத் திரும்ப வகையிட்டுப் பாருங்கள், உடனே பிடிபடும்: −e^(−z²/2)/z ஐ வகையிட்டால் e^(−z²/2) மட்டும் வராது, அதோடு e^(−z²/2)/z² என்ற ஒட்டும் சேர்ந்து வரும்.

பகுதிகளாகத் தொகையிட்டால்?

```
∫ e^(−z²/2) dz = z e^(−z²/2) + ∫ z² e^(−z²/2) dz
```

வலப்பக்கத்துத் தொகையீடு முன்னதைவிட மோசமானது. இன்னொரு முறை செய்தால் z⁴ வரும். முடிவே இல்லை.

இரண்டு முயற்சியிலும் ஒரே சங்கதிதான் நடக்கிறது: வேண்டியது வருகிறது, கூடவே ஒரு மிச்சமும் வருகிறது. இந்த மிச்சத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் அதுதான் உதவப்போகிறது.

"எதிர் வகையீடு இல்லை" என்றால் என்ன பொருள்

எதிர் வகையீடு நிச்சயமாக உண்டு. e^(−z²/2) எங்கும் தொடர்ச்சியான சார்பு; ஆகவே 0 முதல் z வரையுள்ள பரப்பை ஒரு சார்பாக எடுத்தால், அதை வகையிடும்போது e^(−z²/2) வந்தே தீரும். நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் சொல்வது அதைத்தான். இல்லாதது அந்தச் சார்புக்கு ஒரு சூத்திரம். பல்லுறுப்பிகள், மூலங்கள், சைன், கோசைன், அடுக்குக்குறிச் சார்பு, மடக்கை இவற்றைக் கூட்டியும் கழித்தும் பெருக்கியும் வகுத்தும், ஒன்றுக்குள் ஒன்றைப் பொருத்தியும் எழுதக்கூடியவற்றை அடிப்படைச் சார்புகள் என்பார்கள். அந்தப் பட்டியலுக்குள் இதை எழுத முடியாது.

இது புதிய சங்கடமல்ல. 1/x ஐத் தொகையிட முயன்றபோதும் இதே கதைதான்: பல்லுறுப்பிகளையும் அவற்றின் விகிதங்களையும் மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தேடினாலும் விடை அகப்படாது. அந்தப் பரப்புக்கு ln x என்று பெயர் வைத்தோம், அட்டவணை போட்டோம், பிறகு கணிகருவியில் ஒரு பொத்தானாக வந்தது. இன்று ln ஐப் பார்த்து யாரும் "இது சூத்திரமா" என்று கேட்பதில்லை. நமது பரப்புக்கு வைத்த பெயர் வழுச் சார்பு; அதுவும் அதே வகைதான், பட்டியலில் சேர்க்கப்படவில்லை, அவ்வளவே.

முடியாது என்று எப்படித் தெரியும்

"இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை" என்பது வேறு, "கிடைக்கவே கிடைக்காது" என்பது வேறு. இங்கே இரண்டாவதுதான் உண்மை. பிரெஞ்சுக் கணிதர் ஜோசப் லியூவில் 1830களில் இதற்கான சோதனையைத் தந்தார். நமது கணக்குக்குத் தேவையான அளவில் அதைச் சொன்னால் இப்படி வரும்: e^(−z²/2) இன் தொகையீடு அடிப்படைச் சார்பாக இருக்குமானால், அது R(z)·e^(−z²/2) என்ற வடிவில்தான் இருக்கும், R என்பது பல்லுறுப்பியாகவோ இரண்டு பல்லுறுப்பிகளின் விகிதமாகவோ இருக்கவேண்டும். வேறு எந்தக் கோலத்திலும் ஒளிந்திருக்க முடியாது. இந்தத் தேற்றத்தின் நிறுவல் நீளமானது. ஆனால் அதைப் பிரயோகிப்பது ஒரு பக்கத்துக்குள் அடங்கும்.

R·e^(−z²/2) ஐ வகையிடுங்கள். e^(−z²/2) பொதுக் காரணியாக வெளியே வரும். மிஞ்சுவது இந்த நிபந்தனை:

```
R′ − zR = 1
```

R பல்லுறுப்பி என்று முதலில் பார்ப்போம். R இன் படி n என்றால் zR இன் படி n + 1. R′ இன் படி அதைவிடக் குறைவு. ஆகவே zR இன் உச்ச உறுப்பை வெட்ட எதுவும் இல்லை. இடப்பக்கத்தில் குறைந்தது முதலாம் படி உறுப்பு ஒன்று நிற்கும். வலப்பக்கத்தில் வெறும் 1. பொருந்தாது. R = 0 என்றால் இடப்பக்கம் 0, அதுவும் பொருந்தாது.

R விகிதமாக இருந்தால் அதன் பகுதியில் (z − c) என்ற காரணி m தடவை இருக்கும் (c சிக்கலெண்ணாகவும் இருக்கலாம், வாதம் மாறாது). வகையிடும்போது R′ இன் பகுதியில் அது m + 1 தடவை வரும். zR இலோ m தடவைக்கு மேல் வராது. அந்த மேலதிகக் காரணியை வெட்ட ஆளில்லை. வலப்பக்கத்து 1 இல் பகுதியே இல்லை. ஆகவே இதுவும் பொருந்தாது. இரண்டு வழியும் அடைபட்டுவிட்டன. R என்று ஒன்று இல்லை.

சோதனை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, விடை தெரிந்த ∫ z e^(−z²/2) dz இல் போட்டுப் பாருங்கள். நிபந்தனை R′ − zR = z ஆகும்; R = −1 பொருந்துகிறது. நாம் ஏற்கெனவே கண்ட விடைதான்.

மிச்சத்திலிருந்து தொடர் எப்படிப் பிறக்கிறது

R′ − zR சரியாக 1 ஆகாது, சரி. எவ்வளவு கிட்டக் கொண்டுவரலாம்? R = z என்று எடுத்தால் 1 − z² வருகிறது. R = z + z³/3 என்றால் 1 − z⁴/3. R = z + z³/3 + z⁵/15 என்றால் 1 − z⁶/15. மிச்சம் ஒவ்வொரு தடவையும் உயர்ந்த அடுக்குக்கு ஓடுகிறது, கீழே உள்ள எண்ணும் பெருக்கிறது. z சிறியதாக இருந்தால் மிச்சம் விரைவில் தேய்ந்துபோகும். முடிவில்லாமல் நீட்டினால் இது கிடைக்கும்:

```
0 முதல் z வரை = φ(z) · (z + z³/3 + z⁵/15 + z⁷/105 + …)
φ(z) = 0.3989423 · e^(−z²/2)
```

மறுபக்கமாகவும் போகலாம். R = −1/z என்றால் 1 + 1/z². R = −1/z + 1/z³ என்றால் 1 − 3/z⁴. இங்கே z பெரிதாக இருந்தால் மிச்சம் சிறிது. z = 6 இல் 3/z⁴ என்பது 0.0023 மட்டுமே; z = 1 இல் அதே மிச்சம் 3 ஆகி, எதற்கும் உதவாமற் போகிறது. நடுப்பகுதிக்கு முதல் தொடர், தூர வாலுக்கு இரண்டாவது என்ற பிரிவு இங்கிருந்துதான் வருகிறது.

முழுப் பரப்பு மட்டும் எப்படிக் கிடைத்தது?

வகுப்பில் கட்டாயம் எழும் கேள்வி இது. −∞ முதல் ∞ வரையான பரப்பு √(2π) என்று துல்லியமாகத் தெரியும்போது −1 முதல் 1.5 வரை ஏன் தெரியாது? முழுப் பரப்பைக் கண்டபோது எதிர் வகையீடு பயன்படவில்லை. தொகையீட்டைத் தன்னாலேயே பெருக்கி, அதைத் தளம் முழுவதிலும் e^(−(x²+y²)/2) இன் தொகையீடாக்கி, வட்ட ஆள்கூறுகளுக்கு மாற்றுகிறார்கள். அப்போது r dr என்று ஒரு r வந்து சேர்கிறது. நமக்குக் கிடைக்காமற்போன அந்தக் காரணி அங்கே இனாமாக வருகிறது. முழுத்தளம் எந்தப் பக்கம் திருப்பினாலும் முழுத்தளமே. ஆனால் −1 முதல் 1.5 வரையான துண்டைத் தன்னாலே பெருக்கினால் வருவது ஒரு சதுரம். சதுரத்தின் ஓரம் வட்டத்தோடு ஒட்டாது, மூலைகளில் கணக்கு மீண்டும் மாட்டிக்கொள்ளும்.

வழுச் சார்பு: √2 ஐத் தவறவிடாதீர்கள்

கிளெய்ஷர் என்ற ஆங்கிலேயக் கணிதர் 1871 இல் இந்தத் தொகையீட்டுக்கு வழுச் சார்பு என்று பெயரிட்டார். அளவீட்டு வழுக்களின் கணக்கில் அது திரும்பத் திரும்ப வந்ததே காரணம். இன்று வழங்கும் வரையறை:

```
erf(x) = (2/√π) · ∫ e^(−t²) dt,   t = 0 முதல் x வரை
P(a < Z < b) = ½ · [ erf(b/√2) − erf(a/√2) ]
```

உள்ளே இருப்பது t², நம்முடையதில் z²/2. அதனால்தான் √2 ஆல் வகுக்கவேண்டும். நமது கணக்கில் erf(1.06066) = 0.866386, erf(−0.707107) = −0.682689. வித்தியாசத்தின் பாதி 0.77454. √2 ஐ மறந்து erf(1.5), erf(−1) என்று போட்டால் 0.9044 வரும். பார்ப்பதற்கு நியாயமான நிகழ்தகவு போலவே இருக்கும், அதுதான் ஆபத்து. பிடிக்க ஒரு வழி உண்டு: −1 முதல் 1 வரை 0.6827, −2 முதல் 2 வரை 0.9545 என்பது மனதில் இருக்கட்டும். ஒரு பக்கம் 1, மறுபக்கம் 1.5 என்றால் விடை 0.6827 ஐவிடக் கொஞ்சம்தான் கூடலாம். 0.90 அதற்கு மிக அதிகம்.

அட்டவணை: எந்தப் பரப்பு என்று முதலில் பாருங்கள்

இந்தத் தொகையீட்டுக்கு அட்டவணை போடும் வேலை 1799 இலேயே தொடங்கிவிட்டது. வளிமண்டலத்தில் விண்மீன் ஒளி முறிவதைக் கணிக்க அது பிரெஞ்சுக் கணிதர் கிரிஸ்டியன் கிராம்புக்குத் தேவைப்பட்டது. இன்று பாடநூல்களின் பின்பக்கத்தில் மூன்று வகை அட்டவணைகள் உண்டு. z = 1.50 க்கு ஒன்றில் 0.9332 இருக்கும், அது இடக்கோடியிலிருந்து z வரை. இன்னொன்றில் 0.4332, அது 0 இலிருந்து z வரை. மூன்றாவதில் 0.0668, அது z க்கு அப்பாலுள்ள வால். கையில் எது என்று அறிய z = 0.00 வரிசையைப் பாருங்கள். அங்கே 0.0000 என்றால் நடுவிலிருந்து அளந்தது. 0.5000 இல் தொடங்கி ஏறினால் இடக்கோடியிலிருந்து, இறங்கினால் வால்.

நமது கணக்குக்கு நடுவிலிருந்து அளந்த அட்டவணைதான் வசதி. z = −1 க்கு அட்டவணை இராது; சமச்சீரால் 1.00 இன் பெறுமானத்தையே எடுக்கிறோம், 0.3413. எல்லைகள் பூச்சியத்தின் இருபுறமும் இருப்பதால் கூட்டவேண்டும்: 0.3413 + 0.4332 = 0.7745. இங்கே பழக்கதோசத்தில் கழித்துவிட்டால் 0.0919 வரும். படம் ஒன்றைக் கீறி, வேண்டிய பரப்பை நிழற்றிவிட்டுத் தொடங்கினால் இந்தப் பிழை வராது.

தொடரைக் கையால் கூட்டுவது

அட்டவணை இல்லை, கணிகருவியில் e பொத்தான் மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் தொடரில் ஒவ்வொரு உறுப்பும் முந்தியதை z² ஆல் பெருக்கி, 3, 5, 7, 9 என்று முறையே வகுத்தால் வரும். z = 1.5 என்றால் z² = 2.25.

```
1.5000000
1.1250000   (× 2.25 / 3)
0.5062500   (× 2.25 / 5)
0.1627232   (× 2.25 / 7)
0.0406808
0.0083211
0.0014402
0.0002160
0.0000286
0.0000034
0.0000004
```

கூட்டுத்தொகை 3.3446637. இதை φ(1.5) = 0.1295176 ஆல் பெருக்க 0.4331928. z = 1 க்கு இதேபோல எட்டு உறுப்புகளில் 1.4106861 வரும்; φ(1) = 0.2419707 ஆல் பெருக்க 0.3413447. இரண்டையும் கூட்டினால் 0.7745375. ஏறத்தாழ நூறு பொதிகளில் எழுபத்தேழு அந்த எல்லைக்குள் இருக்கும்.

பாடநூல்களில் அதிகம் காணும் தொடர் வேறு: e^(−z²/2) ஐ விரித்து உறுப்புறுப்பாகத் தொகையிட்டு z − z³/6 + z⁵/40 − z⁷/336 + … என்று எழுதுவார்கள். அதுவும் சரிதான், z சிறியதானால் நன்றாக வேலை செய்யும். ஆனால் குறிகள் மாறி மாறி வருவதால் z வளரும்போது கெட்டுப்போகும். z = 6 இல் நடுவே வரும் உறுப்புகள் பத்து இலட்சத்தைத் தாண்டும்; அவை ஒன்றையொன்று வெட்டி வரவேண்டிய விடையோ 1.2533 மட்டுமே. பத்து இலக்கக் கணிகருவியில் ஆறு இலக்கம் அந்த வெட்டுக்குள்ளேயே போய்விடும். எல்லா உறுப்பும் நேராக இருக்கும் தொடரை நாம் தெரிவுசெய்ததற்குக் காரணம் அதுதான்.

z = 6 க்கு அப்பாலுள்ள வால் வேண்டுமென்றால் மற்றத் தொடருக்குப் போங்கள்: φ(z)·(1/z − 1/z³ + 3/z⁵). φ(6) = 6.07588 × 10⁻⁹. அடைப்புக்குள் 0.1624229. பெருக்க 9.869 × 10⁻¹⁰. சரியான பெறுமானம் 9.866 × 10⁻¹⁰. இந்தத் தொடரில் ஒரு கவனம் வேண்டும்: உறுப்புகளைக் கூட்டக் கூட்டத் திருந்திக்கொண்டே போகாது. ஒரு கட்டத்தின் பின் உறுப்புகள் மீண்டும் பெருக்கத் தொடங்கும். மிகச் சிறிய உறுப்பைக் கண்ட இடத்தில் நிறுத்திவிடவேண்டும்.

கணினியில்

விரிதாளில் ஒரே வரி போதும்:

```
=NORM.DIST(513,504,6,TRUE)-NORM.DIST(498,504,6,TRUE)
```

கடைசி TRUE முக்கியம். FALSE போட்டால் பரப்புக்குப் பதில் வளையியின் உயரம் வரும்; மேலுள்ள கணக்கில் −0.0187 என்று காட்டும். மறை நிகழ்தகவைக் கண்டால் முதலில் அந்த இடத்தைப் பாருங்கள். எல்லைகள் வேறாக இருந்தால் விடை நேராகவும் வரக்கூடும், அப்போது பிழை கண்ணில் படாது.

பைதனில்:

```python
from math import erf, erfc, sqrt
print(0.5*(erf(1.5/sqrt(2)) - erf(-1/sqrt(2))))
print(0.5*(1 - erf(9/sqrt(2))))
print(0.5*erfc(9/sqrt(2)))
```

முதல் வரி 0.7745375 ஐத் தரும். இரண்டாவது 0.0 என்று காட்டும், மூன்றாவது ஏறத்தாழ 1.13 × 10⁻¹⁹ தரும். கேள்வி இரண்டிலும் ஒன்றுதான். z = 9 இல் erf ஆனது 1 க்கு அவ்வளவு கிட்ட இருப்பதால் கணினியின் பதினாறு இலக்கத்துக்குள் அது 1 ஆகவே எழுதப்படுகிறது; கழித்தால் ஒன்றும் மிஞ்சாது. erfc அந்த வாலை நேரடியாகவே கணிக்கிறது. ஆகவே வாலின் நிகழ்தகவு கேட்டால் 1 இலிருந்து கழிக்காதீர்கள், erfc ஐயே அழையுங்கள்.